குடோன்ல இருக்கிற சரக்கு யாரோடதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியுமா?

திரும்பவும் அதே கேஸ். குடோன் ஓனர் ஒருத்தர் ஒரு லெட்டரை எடுத்துட்டு வந்தாரு, "கஸ்டமர் ஒண்ணும் கேக்கல சார், யாரோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி என்கிட்ட பணம் கேக்குது, நான் அவங்ககிட்ட பாலிசியே எடுக்கலயே"ங்கறாரு.

நடந்தது சின்ன விஷயந்தான். கூரைத் தண்ணி வடியுற குழாய் அடைச்சு, மழைத்தண்ணி உள்ள இறங்கிடுச்சு. கஸ்டமரோட 400 அட்டைப்பெட்டியும் பேலட் இல்லாம நேரா தரையில அடுக்கியிருந்தது, அடிவரிசை ஊறி நசுங்கவும் மேல இருந்ததெல்லாம் சரிஞ்சு நாசம். கஸ்டமர் தன் சரக்குக்கு பாலிசி வெச்சிருந்தாரு, அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணத்தைக் குடுத்துடுச்சு. நஷ்டத்தைப் பாக்க வந்த சர்வேயரோட ரிப்போர்ட்ல ரெண்டே வரி: பேலட் இல்ல, குழாயை சுத்தம் பண்ணதுக்கு ரெக்கார்டு இல்ல. அந்தக் கம்பெனி குடோன் ஓனர்கிட்ட பணம் கேக்க அது போதும்.

"சரக்குக்காரர்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்காரே, எனக்கெதுக்கு?" இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது. அவர் போட்டது அவருக்காக, உங்களுக்காக இல்லைங்க. அவருக்குப் பணம் குடுத்த கம்பெனி அவரோட இடத்துல நின்னு, நஷ்டத்துக்குக் காரணமானவர்கிட்ட அதை வசூல் பண்ணலாம். கஸ்டமர் உங்களுக்கு இருபது வருஷப் பழக்கமா இருக்கலாம், அந்தக் கம்பெனிக்கு உங்களைத் தெரியாது. "உங்ககிட்ட வசூலுக்கு வரமாட்டோம்"னு அந்தக் கம்பெனி நஷ்டத்துக்கு முன்னாடியே அந்த பாலிசில எழுதிக் குடுத்திருந்தா கதை வேற, கஸ்டமர் வாயால சொன்னா ஆகாது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151 என்ன சொல்லுதுன்னா, ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் தன் சொந்தச் சரக்கை எப்படிப் பாத்துப்பானோ அந்த அளவு கவனம் நீங்க அடுத்தவன் சரக்கு மேல வைக்கணும். அந்தக் கவனம் வெச்சிருந்தா, தனியா வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல நீங்க பொறுப்பில்லன்னு 152 சொல்லுது. (சாவி யார்கிட்டன்னு நான் முதல்லயே கேப்பேன். இடத்தை மட்டும் வாடகைக்கு விட்டு சாவியும் கஸ்டமர்கிட்ட இருந்தா உங்க பொறுப்போட தன்மையே மாறும்.)

லெட்டரோட வந்த ஓனர்கிட்ட பாலிசி இல்லாம இல்ல, ரெண்டு இருந்துச்சு. ஃபயர் பாலிசில 'ஸ்டாக்'னு அவரோட சொந்தச் சரக்கு மட்டும், அடுத்தவங்க சரக்கு பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இன்னொண்ணு பப்ளிக் லயபிலிட்டி. வழுக்கி விழுந்த விசிட்டருக்கு அது வரும், ஆனா உங்க பொறுப்புல, உங்க கஸ்டடில இருக்கிற அடுத்தவங்க பொருளை அந்த மாதிரி பாலிசிங்க பொதுவா விலக்கி வெச்சிடும். யாரும் எக்ஸ்க்ளூஷன் பக்கத்தைப் படிக்கிறதே இல்ல.

அதனால குடோன்ல அடுத்தவங்க சரக்கு இருக்குன்னு உங்க இன்சூரருக்கு எழுத்துல சொல்லுங்க, ஏஜென்ட்கிட்ட போன்ல சொன்னது சொன்னதே இல்ல. இந்த மாதிரி எழுதலாம்:

"எங்கள் குடோனில் வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமான சரக்கைக் கட்டணம் பெற்றுச் சேமித்து வருகிறோம். சரக்கின் வகை, ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு, எங்கள் சேமிப்பு ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளோம். இச்சரக்குக்கு ஏற்படும் சேதத்துக்கு எங்களுக்குள்ள சட்டப் பொறுப்பையும், வழக்குச் செலவையும் ஏற்கும் காப்பீட்டுக்கு விதிமுறைகளும் பிரீமியமும் தெரிவிக்கவும்."

அதிகபட்ச மதிப்புன்னா சீசன் உச்சத்துல குடோன் முட்ட முட்ட நிறையற நாளோட மதிப்பு, வருஷ சராசரி இல்ல. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷம் முழுக்க எவ்வளவுன்னு லிமிட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க.

ஒண்ணு தெளிவா இருக்கட்டும், இந்த கவர் உங்க மேல சட்டப்படி பொறுப்பு வந்தாத்தான் பணம் குடுக்கும். இடி விழுந்து எரிஞ்சு, உங்க கவனக்குறைவு எதுவும் இல்லன்னா கஸ்டமருக்கு இதுல இருந்து வராது, அவர் தன்னோட பாலிசியத்தான் பாக்கணும். யார் தப்புன்னு பாக்காம சரக்குக்கே கவர் வேணும்னா, ஃபயர் பாலிசில 'அடுத்தவங்களுக்காக வெச்சிருக்கிற சரக்கு'ன்னு தனியா சேர்க்கச் சொல்லி, அந்த மதிப்பையும் சேத்து தொகையை ஏத்தணும். இல்லன்னா தொகை பத்தாம க்ளெய்ம் விகிதாசாரமா வெட்டுப்படும்.

இன்னொரு தலைவலி, பெரிய கஸ்டமர் நீட்டுற ஒப்பந்தத்துல 'எந்தக் காரணத்தால் சேதமானாலும் முழுப் பொறுப்பு'ன்னு இருக்கும், படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க. சட்டத்துக்கு மேல நீங்களா ஏத்துக்கிட்ட பொறுப்பை இந்த பாலிசிங்க பொதுவா ஏத்துக்காது. அதே மாதிரி ஸ்டாக் எண்ணும்போது குறையுது, எப்படிப் போச்சுன்னே தெரியலன்னு வந்தா அதுவும் வழக்கமா எக்ஸ்க்ளூஷன்தான். தயவுசெஞ்சு கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒப்பந்தத்தை இன்சூரர்கிட்ட காட்டுங்க.

பேலட் போடுங்க, மழைக்கு முன்னாடி குழாயை சுத்தம் பண்ணி தேதியோட போட்டோ வைங்க. உள்ள வந்த சரக்குக்கும் வெளிய போன சரக்குக்கும் கையெழுத்து வாங்குங்க.

இந்த மாதிரி லெட்டர் வந்தா "எங்க தப்புதான், பாத்துக் கட்டிடறோம்"னு பதில் போட்டுடாதீங்க, அது கவரையே கெடுத்துடும். வந்த அன்னிக்கே உங்க இன்சூரருக்கு அனுப்பிட்டு, பதில் என்ன எழுதணும்னு அவங்ககிட்டயே கேளுங்க.