முப்பது நாள், இரண்டு வருடம், மூன்று வருடம்

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி முழுக்க ஆங்கிலத்தில் இருந்தாலும், முதல்முறை எடுத்தவர் அதில் தேட வேண்டிய குறியீடுகள் மூன்றுதான்: Excl01, Excl02, Excl03. எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் இந்த எண்கள் மாறாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 அக்டோபரிலிருந்து இவற்றை ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. எதற்குப் பணம் கிடைக்காது, எவ்வளவு காலத்துக்குக் கிடைக்காது என்பதை இவை சொல்கின்றன.

பின்னாலிருந்து தொடங்கினால் எளிது. Excl03 என்பது முதல் முப்பது நாள். பாலிசி தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒரு மாதத்துக்குள் எந்த நோய் வந்தாலும் பணம் இல்லை, விபத்துக்கு மட்டும் உண்டு. Excl02 ஒரு பட்டியல்: கண்புரை, குடலிறக்கம், மூலம், கர்ப்பப்பை ஆபரேஷன், சிறுநீரகக் கல், மூட்டு மாற்று போன்றவை அதில் இருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் இதற்குக் காத்திருப்புக் கெடு இரண்டு வருடம். பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்களுடையதைத்தான் பார்க்க வேண்டும். Excl01, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய். 2024 விதிப்படி இதற்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வைக்கலாம். பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோயும், அந்தக் காலத்தில் அவர் சிகிச்சையோ ஆலோசனையோ சொன்ன நோயும் இதில் அடங்கும்.

பாபநாசம் பக்கத்தில் 52 வயது விவசாயி ஒருவர் 2024 ஜூன் 10-ல் மூன்று லட்சத்துக்குப் பாலிசி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டார். பட்டியல் நோய்களுக்கு இரண்டு வருடம், பழைய நோய்க்கு மூன்று வருடம் கெடு என்றும் வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் வாரம் டெங்குவில் படுத்தால் பணம் வராது. அதே வாரம் வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்தால் வரும். 2026 பிப்ரவரியில் குடலிறக்க ஆபரேஷன் என்றால் வராது, ஜூன் 10-க்குப் பிறகு என்றால் வரும். இதுவரை நாள்காட்டி போதும்.

சிக்கல் சுகரில்தான். Excl01 வாசகம் அந்த நோயோடு நிற்பதில்லை, அந்த நோயால் நேரடியாக வரும் பாதிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. சுகர் இருப்பவருக்கு ஆறாத கால் புண் வந்து 2026 ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அது சுகரின் நேரடி விளைவு. 2027 ஜூன் வரை பணம் இல்லை. ஆனால் 2025 நவம்பர் மழையில் வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்தால்? எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி கால் வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. சுகர் இல்லாதவருக்கும் இப்படித்தான் வருகிறது. ஆகவே இது புதிய நோய், முப்பது நாளும் தாண்டிவிட்டது, பணம் தர வேண்டும். சுகர் இருக்கிறது என்பதற்காக எல்லா நோயையும் அதன் கணக்கில் எழுத முடியாது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆஸ்பத்திரிக் காகிதம்தான். நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதியைக் கேட்கும்போது இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு முன் அனுமதிப் படிவம் நிரப்பி அனுப்புவார்கள். அதில் பழைய நோய்கள் எவை, எத்தனை வருடமாக என்று ஒரு பகுதி உண்டு. அவசரத்தில் யாரோ சொல்வதைக் கேட்டு ட்யூட்டி டாக்டரோ டெஸ்க்கில் இருப்பவரோ எழுதுவார். கூட வந்த மைத்துனர், "ரொம்ப நாளா சுகருங்க, பத்து வருஷம் இருக்கும்" என்பார். அந்தப் பத்து வருடம் அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்விடும். சுகரே இல்லாமல் 2024-ல் பாலிசி எடுத்து 2025-ல்தான் சுகர் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு இந்த ஒரு வரி போதும், மறைத்து எடுத்தார் என்று கிளெய்ம் நின்றுவிட.

ஆகவே படிவம் போகும் முன் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த வருடத்தைச் சொல்லுங்கள், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். சுகர் முதலில் தெரிந்த நாளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் டாக்டர் சீட்டும் பாலிசியோடு ஒரே கவரில் இருக்கட்டும். கம்பெனி சந்தேகப்பட்டால் கேள்விக் கடிதம் அனுப்பும், பெரும்பாலும் அது கேட்பது அந்த முதல் சீட்டைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் தவறான வருடம் இருந்தால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் காட்டித் திருத்தக் குறிப்பு வாங்க வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட பிறகு வாங்கிய திருத்தத்தைக் கம்பெனி அவ்வளவாக நம்பாது.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2024 விதி. கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்றதும் பலர் கிளெய்மே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி பில், கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு மருந்து பில், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் அசல் வேண்டும். எலிக்காய்ச்சல் என்றால் அதை உறுதி செய்த ரத்தப் பரிசோதனை கட்டாயம் இருக்கட்டும். "காய்ச்சல்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாதாட ஒன்றும் இருக்காது.

இனி, "சுகர்னு போட்டா பிரீமியம் ஏறும், விட்டுடுங்க மாமா" என்று சொல்லும் ஏஜென்ட் விஷயம். நோயை எழுதினால் சுகர் தொடர்பான செலவுக்கு மட்டும் மூன்று வருடம் காத்திருப்பு. எழுதாமல் விட்டுப் பிறகு தெரியவந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம், எலிக்காய்ச்சலுக்கும் பணம் போய்விடும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, இந்தக் காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசியோடு வரும் விண்ணப்ப நகலில் உங்கள் பதில்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். தவறாக இருந்தால் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரவும் உரிமை உண்டு. பாலிசியின் சுருக்கத் தாளைத் தமிழில் கேட்டால் கம்பெனி தர வேண்டும் என்பதும் 2024 ஜனவரி முதல் விதி. ஏஜென்ட் கொடுக்கும் வரை காத்திருக்காமல் மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

பின்னால் தொகையைக் கூட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் விவசாயி 2026 ஜூனில் மூன்று லட்சத்தை ஐந்தாக்கினால், கூடிய இரண்டு லட்சத்துக்கு மட்டும் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். பழைய மூன்று லட்சத்தின் கணக்கு அப்படியே இருக்கும். வருடத் தவணையைச் சலுகை நாட்களும் தாண்டி விட்டுவிட்டால் எல்லாமே முதலிலிருந்து.

கிளெய்மை மறுத்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். Excl01 என்று வந்தால், இது எந்தப் பழைய நோயின் நேரடி விளைவு என்று திருப்பிக் கேட்க வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஐம்பது லட்சம் வரையான வழக்குகளை அங்கே எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மட்டுமல்ல, புதுச்சேரியோடு சேர்ந்த காரைக்காலும் இதே அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.