இண்டெக்ஸ் ஃபண்டுக்குள் ஒரு பங்கு சரிந்தால் என்ன நடக்கிறது?

"மாதம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. நல்ல கம்பெனிகளாக ஐந்தைத் தேர்ந்தெடுத்து அவற்றின் பங்குகளையே வாங்கிவிடலாமே, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் எதற்காகப் போட வேண்டும்?" என்று அண்மையில் வேலைக்குச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிஃப்டி என்பது ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட குறியீடு; அந்த ஐம்பதையும் குறியீட்டில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைப்பதே நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட். ஐந்துக்குப் பதில் ஐம்பது என்பதால் ஆபத்து பரவலாகிறது என்ற வழக்கமான பதில் சரியானதுதான். ஆனால் அந்த ஐம்பது பங்குகள் எந்த விகிதத்தில் வைக்கப்படுகின்றன என்பதில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது.

முதலில், தேர்ந்தெடுப்பது ஏன் கடினம் என்பதைப் பார்த்துவிடுவோம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர், 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட ஏறத்தாழ 26,000 பங்குகளின் முழு வாழ்நாள் வருவாயையும் கணக்கிட்டு, 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம் தந்த வருவாயைக்கூடத் தரவில்லை. கடன் பத்திரத்தை விஞ்சி அந்தச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் சுமார் 4 விழுக்காட்டு நிறுவனங்களிலிருந்தே வந்திருந்தது. கைக்கு வந்த ஐந்தில் அந்த நான்கு விழுக்காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். திவாலாகி மறைந்த கம்பெனிகளின் விலைகளையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தரவு மையம் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் இப்படியோர் ஆய்வு சாத்தியமாயிற்று. நம் நாட்டிலும் இத்தகைய தரவுத் தொகுப்புகளைப் பொதுப்பணத்தில் பராமரித்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி திறந்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி விகிதத்துக்கு வருவோம். நிஃப்டி 50 குறியீட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ள வெயிட்டேஜ், புரமோட்டர்களின் கையில் இருப்பவை போகச் சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பைப் பொறுத்தது. இதை ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் எப்படிப் பின்பற்றுகிறது? ஐம்பது நிறுவனங்களிலும் புழங்கும் பங்குகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அது வாங்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒரு நிறுவனத்தின் விலை மூன்று மடங்காகலாம், இன்னொன்றின் விலை பத்தில் ஒன்றாகக் குறையலாம். ஃபண்டின் கையில் இருப்பது அப்போதும் ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்தில் ஒன்றுதான். குறியீட்டில் வெயிட்டேஜ் எப்படி மாறியதோ, அதே அளவில் ஃபண்டுக்குள்ளும் தானாகவே மாறிவிடுகிறது. ஒரு பங்கைக்கூட வாங்கவோ விற்கவோ வேண்டியதில்லை. உறுப்பு நிறுவனங்கள் மாறும்போதும், ஒரு நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடும்போதும், முதலீட்டாளர்களின் பணம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும்தான் பெரும்பாலும் வேலை இருக்கிறது. இந்த வகை ஃபண்டுகளில் கட்டணம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்த நிதிக் கணக்குகளில் இவ்வளவு எளிமையும் அழகும் ஒருங்கே அமைந்தது வேறில்லை.

யெஸ் பேங்க் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 மார்ச்சில் நிஃப்டியில் சேர்க்கப்பட்ட அந்தப் பங்கு, 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை எட்டி, அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் 40 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. ஒரு லட்சம் ரூபாயை ஐந்து பங்குகளில் சமமாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக இதை 400 ரூபாய் விலையில் வாங்கியவருக்கு 20,000 ரூபாய் 2,000 ஆயிற்று. அதே ஒரு லட்சம் குறியீட்டில் இருந்து, இந்தப் பங்கின் வெயிட்டேஜ் ஒன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,500 ரூபாய் 150 ஆனதோடு இழப்பு முடிகிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, அடுத்தடுத்த மாதங்களில் போடும் புதிய பணம் எங்கே போகிறது என்பது. விலை 400ஆக இருந்தபோது, மாதந்தோறும் ஃபண்டில் போடும் 5,000 ரூபாய் எஸ்ஐபியில் 75 ரூபாய் அந்தப் பங்குக்குப் போயிருக்கும். மற்ற 49 பங்குகளும் அசையாமல் இருந்ததாகக் கொண்டால், விலை 40க்கு வந்தபோது ஏறத்தாழ ஏழரை ரூபாய்தான் போகும். தனிப் பங்கு வைத்திருப்பவரோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கிறார். விலை இறங்க இறங்க "ஆவரேஜ் பண்ணுகிறேன்" என்று மேலும் மேலும் வாங்கி, மூழ்கும் நிறுவனத்திலேயே தன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். ராசி பார்த்துப் பங்கு சொல்பவர்களின் பேச்சும் டெலிகிராம் டிப்ஸும் இந்தப் பலவீனத்தைத்தான் தின்று வாழ்கின்றன. இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2020 மார்ச் 5 அன்று, ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டதன் பேரில், யெஸ் பேங்கிலிருந்து வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. மார்ச் 19இல் அந்தப் பங்கு நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, நூறு பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் இருப்பில் முக்கால் பங்கை மூன்றாண்டுகளுக்கு விற்க முடியாது என்று ஆயிற்று. அதனால், குறியீட்டிலிருந்து போன பிறகும் நிஃப்டி ஃபண்டுகள் பலவற்றின் கையில் அந்தப் பங்குகள் 2023 வரை சிக்கியிருந்தன. குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இடையே வருவாய் வேறுபடுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. ஐம்பதும் சேர்ந்து விழும்போது இந்த ஏற்பாடு காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும்: 2008ஆம் ஆண்டில் மட்டும் நிஃப்டி பாதிக்கும் மேல் சரிந்தது. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

நிஃப்டியில் பணம் போட இடிஎஃப் என்ற இன்னொரு வழியும் உண்டு; அது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்ட். ஒரே குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும் இடிஎஃபும் வைத்திருப்பது ஒரே பங்குகளைத்தான்; வாங்கும் வழிதான் வேறு. இண்டெக்ஸ் ஃபண்டில் உங்கள் பணம் ஃபண்ட் நிறுவனத்திடமே போய், அன்றைய வர்த்தகம் முடிந்தபின் கணக்கிடப்படும் என்ஏவி விலையில், அதாவது ஒரு யூனிட்டின் நிகர மதிப்பில், யூனிட்டுகளாகிறது. டிமேட் கணக்கு வேண்டாம், 5,000 ரூபாயும் ஏறத்தாழ முழுமையாக முதலீடாகும். இடிஎஃப் யூனிட்டையோ, சந்தை நேரத்தில் இன்னொருவரிடமிருந்து டிமேட் கணக்கு வழியாக வாங்குகிறீர்கள். அவர் கேட்கும் விலை, உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதை ஒத்திருக்கச் செய்பவர்கள் மார்க்கெட் மேக்கர்கள். யூனிட் விலை மதிப்பைவிட ஏறினால், அவர்கள் உரிய பங்குகளை ஃபண்ட் நிறுவனத்திடம் கொடுத்துப் புதிய யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்று லாபம் பார்க்கிறார்கள். அந்த விற்பனையே விலையை இறக்கிவிடுகிறது. இறங்கினால் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள்.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நாஸ்டாக் 100 இடிஎஃப்களில் கண்டோம். மியூச்சுவல் ஃபண்டுகளின் வெளிநாட்டு முதலீட்டுக்கான உச்சவரம்பை நெருங்கியதால், 2022 தொடக்கத்திலிருந்து புதிய யூனிட்டுகள் உருவாக்குவது தடைபட்டது. வாங்க ஆள் இருந்தும் யூனிட் பெருகாததால், உள்ளே இருக்கும் மதிப்பைவிடக் கணிசமாகக் கூடுதலான விலையில் அவை கைமாறின. அப்படி வாங்கியவர், அமெரிக்கச் சந்தை அசையாமலே இருந்தாலும், அந்தக் கூடுதல் விலை கரையும் நாளில் நட்டப்படுவார்.

ஆகவே இடிஎஃப் வாங்குவதாக இருந்தால், உள்ளே இருக்கும் பங்குகளின் அப்போதைய மதிப்பைச் சொல்லும் ஐஎன்ஏவி எண் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் சந்தை நேரம் முழுதும் காட்டப்படும்; அதைப் பார்த்து, அதை ஒட்டிய விலையில், அதற்கு மேல் வாங்காதபடி லிமிட் ஆர்டர் போடுங்கள். மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகை போடும் நம் வாசகருக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். எந்த ஃபண்ட் என்று பார்க்கும்போது, தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டி எண்ணோடு ஒப்பிடாமல், டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 50 டிஆர்ஐ குறியீட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்தாண்டு வருவாயில் அந்தக் குறியீட்டுக்கு எந்த ஃபண்ட் மிக அருகில் இருக்கிறதோ, அதையே எடுத்துக்கொள்ளலாம்.