டிரான்ஸ்கிரிப்ட்டைச் சுருக்கினால் ஸ்கிரிப்ட் ஆகாது

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. ஏற்காட்டில் காப்பி விவசாயிகளுக்காக நடந்த ஒரு கருத்தரங்கில் ஒருவர் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். அதை வரிவிடாமல் தட்டச்சு செய்து, வேண்டிய இடங்களில் மஞ்சள் பூசி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு குரல்பதிவு: "மஞ்சள் போட்டதை மட்டும் வெச்சுக்கிட்டு, நாலு நிமிஷத்துக்கு ட்ரிம் பண்ணிடுங்க சார். பின்னாடி ஃபோட்டோ எதாவது ஓடவிட்டுக்கலாம்."

சேலத்தில் உட்கார்ந்து பயிற்சி வீடியோக்கள் எழுதி வெட்டிக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த "பின்னாடி ஃபோட்டோ"வைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாற்பது நிமிடப் பேச்சைத் தட்டச்சு செய்தால் சுமார் நாலாயிரம் சொற்கள் வரும். நிதானமாகப் படிக்கும் தமிழ்க் குரலுக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொற்கள்தான் தாங்கும். (நிமிடத்துக்கு நூற்றைம்பது என்று இணையத்தில் படித்துவிட்டு வராதீர்கள், அது ஆங்கிலத்துக்கு. நம் சொற்கள் நீளம்.) அதிலும் பார்வையாளர் ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டிய இடத்தில் குரல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அமைதிக்கு இடம் விட்டால் நிமிடத்துக்கு எழுபது சொற்கள் மிஞ்சும். நாலு நிமிடத்துக்கு இருநூற்று எண்பது. நாலாயிரத்தை இருநூற்று எண்பதாக்க வாக்கியங்களை நறுக்கிப் பயனில்லை. பேச்சில் உள்ள பெரும்பாலான விஷயங்களையே விட வேண்டும், மீதியில் பாதியைக் கண்ணிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். படம் என்பது சொல்லுக்குப் பின்னால் ஓடுகிற திரைச்சீலை என்று நினைக்கிறார்கள். மேடையில் பேசுகிறவர் தன் பேச்சில் பாதியைத் திரையைக் காட்டித்தான் சொல்கிறார். "இதப் பாருங்க", "இந்த இடத்துல", "போன ஸ்லைடுல சொன்ன மாதிரி" என்கிறார். தட்டச்சில் அந்த 'இது' வெறும் எழுத்தாக நிற்கிறது, எது என்பது காணாமல் போகிறது. ஆக உங்கள் கையில் இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட்டே பாதிப் பேச்சுதான். அந்தப் பாதியை நறுக்கி, காணாமல் போன படத்துக்குப் பதில் சம்பந்தமில்லாத ஒரு படத்தை ஒட்டினால் அதற்குப் பெயர் வீடியோ இல்லை, ஃபோட்டோ போட்ட ரேடியோ.

அந்தப் பேச்சிலிருந்தே, அராபிகா வகைக் காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டைப் பற்றிய ஒரு பகுதியைப் பார்க்கலாம். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்:

"இந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அராபிகாலதான் பிரச்சினை. தாய் வண்டு பட்டை வெடிப்புல முட்டை வைக்கும். அதுல வர்ற புழு உள்ள போயிடும். இதப் பாருங்க, இந்த மேடு தெரியுதுல்ல, இதான் அடையாளம். இப்படி இருந்தா அந்தச் செடிய எடுத்துடணும். அப்புறம் நிழல் கம்மியா இருந்தா இது ஜாஸ்தி, போன ஸ்லைடுலயே பார்த்தோம். பட்டையத் தேய்ச்சு விடறது நல்லா வேலை செய்யுது, ஆனா வண்டு பறக்கற சீசனுக்கு முன்னாடி செஞ்சாத்தான். கையுறையில செய்யணும், கத்தி வெச்சுச் சுரண்டக் கூடாது."

மஞ்சள் பூசியவர் இதில் தேர்ந்தெடுத்தது இரண்டே வரி. "தாய் வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். பட்டையைத் தேய்த்து விடுவது நன்றாக வேலை செய்கிறது." கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீசனுக்கு முன் என்ற நிபந்தனை போய்விட்டது, கத்தி கூடாது என்ற எச்சரிக்கையும் போய்விட்டது. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் வண்டு முட்டையிட்டுப் போன பிறகு கத்தியால் சுரண்டுவார், பச்சைப் பட்டை காயம்படும், கடைசியில் வீடியோவில் சொன்னது பலிக்கவில்லை என்பார். பேசியவர் சொல்லாததை அவர் பெயரில் நாம் சொல்லியிருப்போம். சுருக்கும்போது முதலில் கழன்று விழுவது நிபந்தனைகள்தான், ஏனென்றால் அவை 'ஆனா', 'மட்டும்', 'முன்னாடி' என்று சின்னச் சின்னச் சொற்களாக இருக்கின்றன.

நான் செய்வது இப்படி. டிரான்ஸ்கிரிப்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பதிவை ஓடவிட்டு, பேசியவர் திரையைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் நேரக்குறிப்பு போட்டு, அங்கே என்ன படம் இருந்தது என்று எழுதுவேன். அந்தப் படங்களின் அசல் கோப்பை அவரிடமே கேட்டு வாங்க வேண்டும். ஹால் திரையை கேமராவில் பிடித்ததை வெட்டி எடுத்தால் வரி வரியாகத் தெரியும், எதற்கும் ஆகாது. பிறகு சிவப்புப் பேனாவால் நிபந்தனைச் சொற்களை வட்டமிடுவேன். வட்டமிட்ட கருத்தை வைத்துக்கொண்டால் அதன் நிபந்தனையும் ஸ்கிரிப்ட்டில் எங்கேயாவது வந்தே தீர வேண்டும். குரலில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை, படத்திலோ திரை எழுத்திலோ வந்தாலும் சரி.

அடுத்தது, வீடியோ எந்த ஒரு கேள்விக்குப் பதில் என்று முடிவு செய்வது. இந்தப் பேச்சில் அது கடைசிக் கேள்வி நேரத்தில் இருந்தது. தட்டச்சு செய்தவர் அதை "கேள்வி-பதில்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பதிவில் ஒரு விவசாயி கேட்கிறார்: "செடி வாடுது, தண்ணி விட்டும் தேறல, அப்ப என்னதான் பண்றது?" பேசியவர் வண்டின் பருவங்களில் ஆரம்பித்துச் செடியில் முடிக்கிறார். தோட்டக்காரர் கண்ணில் முதலில் படுவது வாடின செடி. ஆகவே வரிசையைத் தலைகீழாக்கினேன். நிழல் பற்றிய பகுதியை முழுக்க விட்டுவிட்டேன். முக்கியம்தான், ஆனால் அது தனி வீடியோ.

ஸ்கிரிப்ட்டைத் தாளில் இரண்டு பத்தியாக எழுதுவேன், இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். எப்போதும் காட்சிதான் முதலில். குரல் பத்தியில் கை வைக்கும் முன் காட்சிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள், கதை புரிய வேண்டும். மேலே பார்த்த பகுதி இப்படி ஆனது:

காட்சி: இரண்டு அராபிகா செடிகள் அருகருகே. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சளித்து வாடியது.
குரல்: இல்லை. தோட்டத்துச் சத்தம் மட்டும்.

காட்சி: வாடிய செடியின் தண்டு. ஒரு விரல் மேலிருந்து இறங்கி, பட்டையில் வளைந்தோடும் மேட்டில் நிற்கிறது.
குரல்: இதற்குத் தண்ணீர் விட்டுப் பயனில்லை. தண்டைத் தடவிப் பாருங்கள்.

காட்சி: அதே தண்டு, நீளவாக்கில் பிளந்தது. உள்ளே தூள் அடைத்த சுரங்கம், புழு.
குரல்: வெள்ளைத் தண்டுத் துளைப்பான். மேடு தெரிந்தால் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

காட்சி: நல்ல செடி. தேங்காய்நார்க் கையுறை தண்டைத் தேய்க்கிறது, பட்டைச் செதில் உதிர்கிறது. திரை எழுத்து: வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர்.
குரல்: தளர்ந்த பட்டையில்தான் வண்டு முட்டையிடும். அது பறக்கும் முன் தேய்த்துவிடுங்கள்.

காட்சி: கீழே கிடக்கும் கத்தியை ஒரு கை எடுத்து அப்பால் வைக்கிறது. தேய்த்த தண்டில் பச்சை தெரியவில்லை, காயமில்லை.
குரல்: இல்லை.

இருபத்தைந்து சொற்கள்கூடக் குரலில் இல்லை, பேசியவரின் ஒரு நிபந்தனையும் தொலையவில்லை. கத்தி கூடாது என்பதை யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. 'மேடு' என்று மேடையில் சொன்னபோது எத்தனை பேருக்குப் புரிந்ததோ, விரல் அதில் நின்றால் எல்லோருக்கும் புரியும்.

படமாக்க முடியாதவையும் உண்டு. பட்டை வெடிப்பில் உள்ள முட்டை மிகச் சிறியது, நம் கேமராவுக்கு அகப்படாது. அதற்கு ஒரு கோட்டுப்படம் போதும். இணையத்தில் கிடைத்த ஏதோ வண்டை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இதே துளைப்பானைப் பற்றிய வேறொரு வீடியோவில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு கொம்போடு வந்து நின்றதைப் பார்த்தேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு படம் போதும், அதற்குப் பிறகு சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள்.

பேசியவரின் முகமும் குரலும் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் அவர் விளக்கும் இடத்தில் இல்லை. விளக்கத்தைப் படம் அவரைவிட நன்றாகச் செய்யும். "என் அனுபவத்துல இது சில தோட்டத்துலதான் பலிச்சுது" என்று அவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் வையுங்கள். அதை வேறு யார் குரலிலும் சொல்ல முடியாது.

இனி அனுப்பப்போகிறவர்களுக்கு. மஞ்சள் பூசாதீர்கள், நேரக்குறிப்பு போடுங்கள். பதிவை முழுதாக அனுப்புங்கள், கேள்வி நேரத்தை வெட்டாதீர்கள். சபையில் கேட்டவரின் குரலை வீடியோவில் சேர்ப்பதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும், கேமராவைத் தூக்கும் முன், பேசியவரிடம் காட்டி, "நீங்கள் சொல்லாதது எதாவது இதில் இருக்கிறதா, நீங்கள் சொன்ன நிபந்தனை எதாவது விட்டுப்போயிருக்கிறதா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மொத்தமாக "ஓகேவா சார்" என்று கேட்டால் ஓகே என்றுதான் வரும்.

எல்லாம் முடித்து வெட்டும் மேசைக்கு வந்த பிறகு, "அந்தத் தண்டைப் பிளக்கிற மாதிரி ஒண்ணு எடுத்திருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு ஷாட்டுக்காக ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும் மறுபடி ஏற வேண்டும், மேலே போனால் மத்தியானம் வரை மூடுபனி விலகாது.