கொழுப்பு குறைந்தால் தண்ணீர் கலந்தார் என்று அர்த்தமா?

செபராங் பிறையில் மாடு வளர்ப்பவர்கள் சிலருக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். இந்த மாதம் மட்டும் மூன்றாவது ஆள், கையில் பால் சீட்டோடு கண்கலங்கி வந்து உட்கார்ந்தார். “தண்ணி கலந்துட்டேன்னு சொல்றாங்க தம்பி. முப்பது வருஷமா பால் ஊத்துறேன்.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் மாட்டுப் பாலில் வழக்கமாகக் கொழுப்பு 4.2 சதவீதம், கொழுப்பு நீங்கிய திடப்பொருள், அதாவது எஸ்என்எஃப், 8.4 சதவீதம் வரும். ஐந்து நாள் மாலைப் பாலில் மட்டும் கொழுப்பு 3.4 என்று இருந்தது. பால் வாங்குபவர் அந்த ஒரு எண்ணைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கட்டத்தை ஏன் யாருமே பார்ப்பதில்லை? தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் நீர்க்கச் செய்யும். கொழுப்பு 4.2லிருந்து 3.4க்கு இறங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால், எஸ்என்எஃப்பும் கூடவே 6.8க்கு வந்திருக்க வேண்டும். சீட்டிலோ 8.5 என்று இருந்தது. கொஞ்சம் கூடியிருக்கிறது! பாலிலிருந்து கொழுப்பு மட்டும் விலகினால் மற்றவற்றின் பங்கு இப்படி ஏறும்.

கொழுப்பு மட்டும் குறையப் பல காரணங்கள் உண்டு. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்று குடித்தால் குறையும். ஏடு எடுத்தாலும் குறையும். சீட்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே மாடுகளின் காலைப் பால் 4.2லேயே நின்றது. மாலைப் பால்தான் ராத்திரி முழுக்கக் குளிர்தொட்டியில் கிடக்கிறது. ஏடு மேலே போய்விடும். கலக்கியைப் போடாமல் தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து முதல் குவளையில் மாதிரி பிடித்தால் மெலிந்த பால்தான் வரும். மாதிரி எடுக்கப் புதிதாக வந்த பையன் அப்படித்தான் பிடித்திருக்கிறான்.

பணத்தில் எவ்வளவு? அவர் ஒப்பந்தப்படி கொழுப்பு கிலோவுக்கு 25 ரிங்கிட், எஸ்என்எஃப் கிலோவுக்கு 20 ரிங்கிட். 4.2, 8.4 என்றால் ஒரு கிலோ பால் 2.73 ரிங்கிட். 3.4, 8.5 என்றால் 2.55. பதினெட்டு சென் போகிறது. மாலைப் பால் நாளுக்கு 40 லிட்டர், ஐந்து நாளில் 200 லிட்டர். லிட்டரை 1.03 ஆல் பெருக்கிக் கிலோவாக்குங்கள் (இதை விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்): 206 கிலோ. நஷ்டம் 37 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அது போனால் போகட்டும், கலப்படக்காரர் என்ற பேர் வந்தால் நாளைக்குப் பாலையே எடுக்கமாட்டார்கள்.

மறுநாள் கலக்கியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அவர் கண்ணெதிரே மாதிரி எடுக்கச் சொன்னேன். 4.1 வந்தது.

தயவுசெய்து மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். மாதிரிப் பாலைக் கொட்டிய பிறகு மறுசோதனை கேட்க வழியே கிடையாது. அன்றன்றைக்குச் சீட்டு வாங்குங்கள், காலையையும் மாலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கொழுப்பு இறங்கியிருந்தால், வாயைத் திறக்கும் முன் எஸ்என்எஃப் கட்டத்தில் விரலை வையுங்கள்.