அவிவா பத்திரம் ஒசாகாவுக்குப் போன வழி

2008 செப்டம்பரில் சிங்கப்பூர் ஃபின்லேசன் கிரீனில் இருந்த ஏஐஏ காப்புறுதி நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஆட்கள் திரண்டு போனார்கள். பாலிசியைச் சரண்டர் செய்து, கிடைக்கிற பணத்தை வாங்கிவிட வேண்டும் என்று நீண்ட வரிசை. ஏஐஏவின் சிங்கப்பூர்த் தொழிலில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு அமெரிக்காவில் இருந்தது. ஏஐஏவின் தாய் நிறுவனமான ஏஐஜி திவாலாகும் நிலைக்குப் போய், அமெரிக்க மத்திய வங்கி அதற்கு 8,500 கோடி டாலர் வரை கடன் கொடுக்க முன்வந்த வாரம் அது.

சிங்கப்பூர் நாணய ஆணையம் அப்போது சொன்னது இதுதான்: ஏஐஏவின் காப்புறுதி நிதிகளில் போதுமான சொத்து இருக்கிறது, அவசரப்பட்டு பாலிசியை முறிக்க வேண்டாம். இங்குள்ள சட்டப்படி, பாலிசிதாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கான சொத்தை நிறுவனம் காப்புறுதி நிதி என்று தனியாக வைத்திருக்க வேண்டும். தாய் நிறுவனத்தின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. பாதியில் சரண்டர் செய்தால் கட்டியதைவிடக் குறைவாகக் கிடைப்பது வழக்கம் என்பதால், அன்று பயந்து வெளியேறியவர்களுக்குத்தான் நட்டம் ஏற்பட வாய்ப்பு அதிகம். பின்னால் நிற்பது யார் என்பதும், அவர் விழுந்தால் நமக்கு என்ன ஆகும் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இரண்டாவது கேள்வியும் இடையில் வந்துகொண்டே இருக்கும்.

யீஷூனில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். உள்ளே அவிவா பெயரில் ஓர் ஆயுள் காப்புறுதிப் பத்திரம். "தம்பி, இந்த கம்பெனி இருக்கா, மூடிட்டாங்களா? போர்டையே எங்கயும் காணோம். ஆனா பணம் மட்டும் மாசாமாசம் போயிட்டிருக்கு" என்றார். நல்ல கேள்வி. அதையே எடுத்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறினோம்.

முதலில் செய்ய வேண்டியது, முகப்பில் இருக்கும் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பது. பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதை விற்கலாம், மாற்றலாம், வாடகைக்குக்கூட விடலாம். ஒப்பந்தம் போட்டிருப்பது பொடி எழுத்தில் இருக்கும் நிறுவனம். அக்காவின் பத்திரத்தில் அது Aviva Ltd என்றும், பக்கத்தில் பதிவு எண் 196900499K என்றும் இருந்தது. அந்தப் பாலிசிக்காக இப்போது கடிதம் அனுப்புவது சிங்லைஃப் என்ற நிறுவனம். அந்தக் கடிதங்களில் பெயர் Singapore Life Ltd. பதிவு எண்? அதே 196900499K.

பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் UEN என்ற அடையாள எண் உண்டு. நமக்கு அடையாள அட்டை எண் மாதிரி. கல்யாணமாகிப் பெயரை மாற்றிக்கொண்டாலும் அந்த எண் மாறாதல்லவா, அதுபோல. எண் ஒன்றாக இருந்தால் அதே நிறுவனம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பத்திரத்தில் போட்ட ஒப்பந்தம் எங்கும் போகவில்லை. எண் மாறியிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் பாலிசியை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அதை நீதிமன்றத்தின் ஒப்புதலோடு செய்திருக்க வேண்டும், அதற்கான அறிவிப்புக் கடிதமும் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உள்ளூர் நிறுவனங்களின் எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டைக் குறிக்கும். இங்கே 1969. ஆனால் அவிவா என்ற பெயரே 2002இல்தான் லண்டனில் பிறந்தது. அப்படியானால் அக்கா பத்திரம் வாங்கும்போதே அந்த நிறுவனம் தன் முதல் பெயரில் இல்லை. முகப்புப் பெயரை நம்பிக் கதையைத் தொடங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, இந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்த்தோம். நாணய ஆணையத்தின் Financial Institutions Directory, eservices.mas.gov.sg/fid என்ற முகவரியில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைத் தட்டினால் எந்த வகை உரிமம் என்று காட்டும். பங்குதாரர் பட்டியலை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அக்ராவின் BizFile தளத்துக்குப் போக வேண்டும். பெயரையோ UEN எண்ணையோ கொடுத்துத் தேடுவதற்குக் காசில்லை. Business Profile என்ற விவரத்தாளை வாங்க 5.50 வெள்ளி. பழைய பெயர்களும் பங்குதாரர்களும் அதில் இருக்கும்.

பலர் வழுக்குவது இந்தப் படியில்தான். விவரத்தாளில் பங்குதாரர் என்று இன்னொரு நிறுவனத்தின் பெயர் வரும். அதுதான் முதலாளி என்று எண்ணித் தேடலை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அது ஹோல்டிங் நிறுவனமாக, அதாவது பங்குகளை வைத்திருப்பதற்கென்றே தொடங்கியதாக இருக்கும். சிங்லைஃபுக்கு மேலே இருப்பது சிங்கப்பூர் லைஃப் ஹோல்டிங்ஸ். அதற்கும் மேலே யார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு விவரத்தாள் வாங்கிக்கொண்டே போகலாம், ஆனால் படிக்கட்டு வெளிநாட்டுக்குள் நுழைந்ததும் அக்ரா கைவிட்டுவிடும். இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. நிறுவனத்தின் வருடாந்திர நிதி அறிக்கையைத் திறந்து `ultimate holding company` என்று தேடுங்கள். கணக்கியல் தரப்படி நேரடித் தாய் நிறுவனத்தையும் உச்சியில் இருப்பதையும் அறிக்கையில் பெயர் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் குறிப்புகளின் தொடக்கத்திலேயே இருக்கும்.

அறிக்கையின் ஆண்டைப் பார்த்துக்கொள்வது அவசியம். சிங்லைஃப் இதற்கு நல்ல உதாரணம். 2020இல் சிங்லைஃபும் அவிவாவின் சிங்கப்பூர்ப் பிரிவும் இணைந்தபோது உச்சியில் ஒரே முதலாளி இல்லை. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜி, அவிவா, ஜப்பானின் சுமிட்டோமோ லைஃப் எனப் பலர் பங்கு வைத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் அவிவா தன் பங்கைச் சுமிட்டோமோவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் டிபிஜியும் ஒப்புக்கொண்டது. 2024இல் சிங்லைஃப் முழுக்கச் சுமிட்டோமோவின் கைக்குப் போனது. 2021ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தவருக்கும் இன்று பார்ப்பவருக்கும் வேறு வேறு பதில் கிடைக்கும், இரண்டும் அந்தந்த நாளில் சரியே. இப்படிப்பட்ட கைமாற்றம் ரகசியமாக நடக்க முடியாது. இங்கே பதிவான காப்புறுதி நிறுவனத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பிடித்து அதன் மீது கட்டுப்பாடு பெற, நாணய ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும்.

சரி, சுமிட்டோமோ லைஃபுக்கு மேலே யார்? யாரும் இல்லை. ஒசாகாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்குப் பங்குதாரர்களே கிடையாது. ஜப்பானில் இன்னும் சில பெரிய ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் இருப்பதுபோல அதுவும் ஒரு பரஸ்பர நிறுவனம். அதில் பாலிசி எடுத்தவர்களே அதன் உரிமையாளர்கள். யீஷூனில் அக்கா கட்டும் பணத்துக்குப் பின்னால் நிற்பவர்கள், அவரைப் போலவே ஜப்பானில் மாதாமாதம் பிரீமியம் கட்டும் சாதாரண மக்கள். அக்கா இதைக் கேட்டு வெகுநேரம் ஆச்சரியப்பட்டார். "அப்ப நானும் முதலாளியா?" என்றார். இல்லை. அந்த உரிமை ஒசாகா நிறுவனத்திடமே பாலிசி எடுத்தவர்களுக்குத்தான். துணை நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அது வராது.

எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குப் புருடென்ஷியலைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத குழுமங்கள் இருக்கின்றன. 1848இல் லண்டனில் தொடங்கிய புருடென்ஷியல் பிஎல்சி ஒன்று. சிங்கப்பூர்ப் புருடென்ஷியல் இதன் பிள்ளை. 1875இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய புருடென்ஷியல் ஃபைனான்ஷியல் வேறொன்று. போதாததற்கு, 2019இல் பிஎல்சி தன் பிரிட்டிஷ் தொழிலை எம் அண்ட் ஜி என்று பிரித்து அனுப்பியபோது, 'புருடென்ஷியல் அஷூரன்ஸ்' என்ற பழைய நிறுவனமும் அதோடு போய்விட்டது. சிங்கப்பூர்ப் புருடென்ஷியலின் விளம்பரங்களில் அமெரிக்கப் புருடென்ஷியலோடும் எம் அண்ட் ஜியிடம் போன அந்தப் பழைய நிறுவனத்தோடும் எங்களுக்குத் தொடர்பில்லை என்ற வரி பொடி எழுத்தில் வருவது இதனால்தான். அமெரிக்கப் புருடென்ஷியலுக்கு நட்டம் என்று செய்தி வந்தால் இங்கே பாலிசி வைத்திருப்பவர் பதற வேண்டியதில்லை.

இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் நெருக்கமானது. ஐசிஐசிஐ புருடென்ஷியலின் பின்னால் நிற்பவர்கள் ஐசிஐசிஐ வங்கியும் லண்டன் புருடென்ஷியலும். பிஜிஐஎம் இந்தியாவின் பெயரில் அந்தச் சொல்லே இல்லை, ஆனால் அதன் பின்னால் நிற்பது அமெரிக்கப் புருடென்ஷியல். நல்லவேளையாக, இந்தியாவில் இதைக் கண்டுபிடிக்கப் படிக்கட்டு ஏற வேண்டியதில்லை. ஸ்பான்சர் என்பது அங்கே பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிகளில் உள்ள சொல். ஃபண்டை நடத்தும் நிறுவனத்தின் நிகர மதிப்பில் குறைந்தது 40 விழுக்காட்டைப் போட்டவர் ஸ்பான்சர் என்று 1996ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் Statement of Additional Information என்ற ஆவணத்தை வெளியிட வேண்டும். அதன் முதல் பகுதியே ஸ்பான்சர் யார் என்பதுதான். அதிலும் தேதியைப் பாருங்கள். ஐசிஐசிஐ வங்கி 51, புருடென்ஷியல் 49 என்று நெடுங்காலம் இருந்த கணக்கு, 2025 டிசம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து, புருடென்ஷியல் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றபோது மாறியது.

ஸ்பான்சர் பெயர் பெரிதாக இருந்தால் பணம் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது, அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் கையிலிருந்து பணம் போட்டு முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரவில்லை. தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஃபண்டுகளிடம் இருந்த கடன் பத்திரங்களை விற்று, வசூலித்து, தவணை தவணையாகத்தான் பணம் வந்தது. சிங்கப்பூர்க் காப்புறுதியிலும் இதே கதைதான். நிறுவனம் விழுந்தால் கை கொடுப்பது முதலில் காப்புறுதி நிதி, அப்புறம் பாலிசிதாரர் பாதுகாப்புத் திட்டம். தனிநபர் ஆயுள் பாலிசியில் உறுதியளித்த தொகைக்கு 5 லட்சம் வெள்ளி வரை, சரண்டர் மதிப்புக்கு 1 லட்சம் வெள்ளி வரை என்று அந்தத் திட்டத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒசாகாவுக்கு எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லை.

ஆனால் இரண்டு நாட்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்திய ஃபண்ட் நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால், யூனிட் வைத்திருப்பவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, வெளியேறும் கட்டணம் இல்லாமல் அன்றைய மதிப்பில் பணத்தை எடுத்துக்கொள்ளக் குறிப்பிட்ட நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் விளம்பரம் மாதிரித்தான் தெரியும், பலர் பிரிக்காமலே போட்டுவிடுகிறார்கள். காப்புறுதிப் பாலிசிக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. உரிமையாளர் மாறினார் என்பதற்காக இழப்பில்லாமல் வெளியே வர முடியாது. அக்காவும் பத்திரத்தைத் திரும்ப ஃபைலிலேயே வைத்தார். முன்பக்கத்தில் மட்டும் பென்சிலால் 196900499K என்று பெரிதாக எழுதிக்கொண்டார்.