லெக்யூம், பல்ஸ், தால்: ஒரு கொண்டைக்கடலையை வைத்துப் புரிந்துகொள்வோம்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் உணவுச் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "பல்ஸ், வேகவைத்தது, தினம் 1 கப்." சமையலறையில் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சுண்டல், கூட்டு, பயறு என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள். முதல்முறை தனியாக வீடெடுத்து, முதல்முறை மளிகை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரே வரி பெரிய குழப்பம். ஒரு பாக்கெட்டில் பல்ஸ் என்கிறான், இன்னொன்றில் லெக்யூம்ஸ், ஆப்பில் தேடினால் தால். மூன்றும் ஒன்றா வேறா?

திருப்பூரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர் இப்படித்தான் என்னிடம் ஒரு மளிகை பில்லை போனில் காட்டினார். வேறொரு மருத்துவமனையில் எழுதிய சீட்டும் கையில் இருந்தது. பில்லில் இருந்தவை: சனா தால் அரை கிலோ, வறுத்த வேர்க்கடலை அரை கிலோ, உறைய வைத்த பச்சைப் பட்டாணி ஒரு பாக்கெட், பொட்டுக்கடலை கால் கிலோ. "எல்லாமே பல்ஸ்தானே மேடம்? கடலை, பட்டாணி, பருப்பு, எல்லாம் இருக்கே" என்றார். அரிசியைக் குறைத்துவிட்டு மாலையில் ஒரு கப் வேர்க்கடலை சாப்பிட்டு வந்திருக்கிறார். ஒரு மாதத்தில் எடை ஏறியிருந்தது.

இந்த பில்லைப் பிரிக்க ஒரே ஒரு செடி போதும். கொண்டைக்கடலைச் செடி.

முதலில் லெக்யூம். இது செடியின் குடும்பத்துக்கான பெயர். அவரைக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்று விட்டு, அதற்குள் விதை வைக்கும் செடிகள். அவரை, பீன்ஸ், கொத்தவரை, துவரை, உளுந்து, பட்டாணி, சோயா, வேர்க்கடலை எல்லாம் இதில் வரும். வெந்தயமும் புளியும்கூட இதே குடும்பம்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். நீளமாகக் காய் தொங்குவதால் முருங்கையையும் சேர்த்துவிடாதீர்கள், அது வேறு குடும்பம். ஆக, லெக்யூம் என்ற சொல் மட்டும் மளிகை வாங்க உங்களுக்குப் பெரிதாக உதவாது. வட்டம் அவ்வளவு அகலம்.

கொண்டைக்கடலைச் செடியில் குட்டிக் குட்டியாக, காற்றடைத்த மாதிரி நெற்றுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ விதை. பச்சையாக இருக்கும்போதே பறித்தால் அது பச்சைக் கொண்டைக்கடலை. சீசனில் செடியோடு கட்டாகக் கட்டி விற்பார்கள், உரித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். அது லெக்யூம்தான், ஆனால் கணக்கில் காய்கறி. அதே நெற்றைச் செடியிலேயே காயவிட்டு, அடித்து, விதையை எடுத்தால்தான் அது பல்ஸ். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் வரையறையும் இதுதான்: உலர்ந்த விதையாக அறுவடை செய்பவை மட்டும் பல்ஸ். பச்சையாகப் பறிப்பவை காய்கறியில் போகும், முக்கியமாக எண்ணெய்க்காக விளைவிப்பவை எண்ணெய் வித்தில் போகும். அந்தக் கடைசி விதியால்தான் வேர்க்கடலையும் சோயாவும் லெக்யூமாக இருந்தும் பல்ஸ் பட்டியலில் இல்லை.

இது ஏதோ புத்தகப் பிரிவினை இல்லை. 100 கிராம் வேர்க்கடலையில் கொழுப்பு ஏறத்தாழ 40 கிராம். கொண்டைக்கடலையில் ஐந்தாறு கிராம்தான். தம்பி சாப்பிட்ட ஒரு கப் வேர்க்கடலை 800 கலோரிக்கு நெருக்கம். சீட்டு எழுதியவர் மனதில் வைத்திருந்த ஒரு கப் வெந்த கொண்டைக்கடலை 270 கலோரி, அதில் புரதம் 14 கிராம் போல. வேர்க்கடலை கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதன் இடம் வேறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் ஒரு வரிசை, கொட்டைகளும் எண்ணெய் விதைகளும் 35 கிராம் தனி வரிசை. வேர்க்கடலை அந்த இரண்டாவது வரிசை. ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இப்போது தால். காய்ந்த கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி இரண்டாக உடைத்தால் கடலைப்பருப்பு. பாக்கெட்டில் சனா தால் என்று போட்டிருப்பது அதைத்தான். முழுசாக இருப்பதை வெறும் சனா என்பார்கள், வெள்ளையாகப் பெரிதாக இருந்தால் காபுலி சனா. நம்ம தம்பி சுண்டல் செய்ய ஆசைப்பட்டு சனா தாலை வாங்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டிருக்கிறார். திறந்து பார்த்தால் களி. முழுக் கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேர ஊறல் வேண்டும், விசிலும் அத்தனை வேண்டும். தோல் போன பருப்புக்கு ஒரு மணி நேரம் ஊறினாலே தாராளம். நவராத்திரிக்குக் கடலைப்பருப்பிலும் சுண்டல் செய்வார்கள்தான், ஆனால் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் உடையும், தானாக உடையாது என்ற பதத்தில் இறக்கிவிடுவார்கள்.

தோல் போனதால் வேறென்ன மாறுகிறது? புரதம் அதிகம் மாறாது. நார்ச்சத்துதான் மாறும். முழுக் கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் நார் என்றால் கடலைப்பருப்பில் 15 கிராம் போல. சர்க்கரைக்காக வருகிறவர்களிடம் முழுசாக இருப்பதை வாங்கச் சொல்வது இதனால்தான். வயிறு ஊதல் உள்ளவர்களுக்கும், பல் போன பெரியவர்களுக்கும் அதே காரணத்தால் நானே பருப்பை எழுதிக்கொடுப்பேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவுகளையெல்லாம் அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நம் கடைகளில் இதற்கு நல்ல அடையாளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பயறு என்றால் பெரும்பாலும் தோலோடு முழுசு, பருப்பு என்றால் தோல் போனது: பாசிப்பயறு, பாசிப்பருப்பு. உளுந்து மட்டும் இதற்கு அடங்காது. தோலோடு முழுசு, தோலோடு உடைத்தது, தோலெடுத்த முழு வெள்ளை, தோலெடுத்து உடைத்தது என்று நான்கும் உளுந்து என்ற பெயரிலேயே விற்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆப்பில் பருப்பு என்று தேடினால் பாதாம் பருப்பும் முந்திரிப் பருப்பும் கூடவே வந்து நிற்கும். அவை பல்ஸ் கணக்கில் வராது. அப்புறம், ஓட்டலில் தால் என்றால் தட்டில் வரும் குழம்பு. அதை வைத்து மளிகைக் கணக்குப் போட வேண்டாம்.

பொட்டுக்கடலை? அதுவும் கொண்டைக்கடலைதான். வறுத்துத் தோல் நீக்கியது. தம்பியின் பில்லில் சரியாக வந்த பொருள் அது, கடலை என்று பெயரில் இருப்பதால் தற்செயலாக வந்தாலும் சரி. கடலை மாவும் கடலைப்பருப்பை அரைத்ததுதான். ஆனால் அதில் பஜ்ஜி போட்டுவிட்டு, பல்ஸ் சாப்பிட்டாயிற்று என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கடலைப்பருப்பு வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. மஞ்சள் பட்டாணியை உடைத்த பட்டாணிப் பருப்பு பார்க்க இதே மாதிரி இருக்கும். பல வடைக்கடைகளில் மசால்வடை போடுவது அதில்தான். அதுவும் பல்ஸ்தான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மலிவானதைக் கடலைப்பருப்பு விலைக்குத் தந்தால் நஷ்டம் உங்களுக்கு. ஒரு பிடி எடுத்துக் கையில் பரப்பிப் பாருங்கள். பட்டாணிப் பருப்பு வழவழவென்று, கோலிக்குண்டைச் சரிபாதியாக அறுத்த மாதிரி ஒரே வடிவில் இருக்கும். கடலைப்பருப்பின் முதுகு கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும், ஒரு முனையில் கொண்டைக்கடலையின் அந்தச் சின்ன மூக்கு தெரியும். வெந்தாலும் தெரிந்துவிடும், பட்டாணிப் பருப்பு சீக்கிரம் கரையும். மாவாக அரைத்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கடலை மாவு அதிகம் செலவாகிற வீட்டில் பருப்பாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது.

பில்லில் மிச்சம் இருப்பது உறைய வைத்த பட்டாணி. அது பச்சையாகப் பறித்தது, அதாவது காய்கறி. பெரும்பகுதி தண்ணீர். 100 கிராமில் புரதம் ஐந்து கிராம் தேறும், காய்ந்த பட்டாணியில் அது இருபதுக்கு மேல். பட்டாணியைப் பல்ஸாக எண்ண வேண்டுமென்றால் சாக்கிலிருந்து அளந்து தரும் காய்ந்த பட்டாணியை வாங்க வேண்டும். அதில் பச்சை நிறம் கண்ணைப் பறித்தால் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் சாயம் ஏற்றியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்த மாதப் பட்டியல் இது. வெந்த ஒரு கப்புக்குக் காய்ந்ததாக 60 முதல் 70 கிராம் வேண்டும், மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. கறுப்புக் கொண்டைக்கடலை முக்கால் கிலோ, பாசிப்பயறு அரை கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ. "சாம்பார் தினமும் சாப்பிடுறேனே, அது சேராதா?" என்று கேட்டார். சேரும், ஆனால் மெஸ் சாம்பார் ஒரு கரண்டியில் பருப்பு பத்து கிராம் இருந்தாலே பெரிய விஷயம். எந்த ஒன்றையும் அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க வேண்டாம் என்றேன். தனி ஆள் வீட்டில் வண்டு விழுந்துவிடும். ரொம்ப நாள் கிடந்த கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறினாலும் சில மணிகள் கல்லாகவே நிற்கும், எத்தனை விசில் விட்டாலும் வேகாது. அதனால் பாக்கெட்டில் பேக் செய்த தேதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கூடையில் போடச் சொன்னேன்.