சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

2023 தொடக்கத்தில் என் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. பேனாவால் எழுதிய இரண்டு பக்கம். அமெரிக்காவில், அரசு நிதி பெறும் ஒரு சமூக மருத்துவ மையத்தில் நான் பொதுமருத்துவர். எழுதியவர் எங்களிடம் பல வருடமாக வரும் ஒரு கறுப்பின நோயாளி. சிறுநீரகம் பழுதாகி, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் கேட்டது இவ்வளவுதான். "உங்கள் படிவத்தில் பிறந்த தேதிக்கு அடுத்து 'ரேஸ்', அதாவது இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பதால் அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. வருடா வருடம் டிக் அடிக்கிறேன். ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் சொன்னதில்லை. அந்த டிக் எங்கே போகிறது? என் வைத்தியத்தில் அது எதையாவது மாற்றியதா?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் ரிசப்ஷனில் "கவர்ன்மென்ட்டுக்கு வேணும்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் அந்த நட்சத்திரம். எங்களைப் போன்ற மையங்கள் ஒவ்வொரு வருடமும் மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்த இனத்தவர் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தோம் என்ற கணக்கு அதில் உண்டு. யார் பெயரும் போகாது, தலைக்கணக்கு மட்டும்தான். அதே அறிக்கையில் "தெரிவிக்கவில்லை" என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது. மருத்துவப் பதிவு சாஃப்ட்வேரிலும் "சொல்ல விரும்பவில்லை" என்று பதிய வசதி இருந்தால்தான் அரசின் சான்றிதழ் கிடைக்கும். ஆக, கேட்பது எங்கள் கடமை, பதில் சொல்வது நோயாளியின் கடமை அல்ல. அப்படியானால் நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? விசாரித்ததில், சில வருடம் முன்பு "தெரிவிக்கவில்லை" எண்ணிக்கை ரொம்பவும் கூடிப்போனதாம். எங்கள் ஆட்களில் யாரோ செட்டிங்கில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கி, விரும்பவில்லை என்ற தேர்வையும் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

கட்டாயமாக்கினால் பதில் வரும், ஆனால் சரியான பதில் வரும் என்று சொல்ல முடியாது. மகள் வீட்டுக்கு வந்திருந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் "அமெரிக்கன் இண்டியன்" என்பதில் டிக் அடித்திருந்தார். இந்தியர், இப்போது அமெரிக்காவில் இருக்கிறார், வேறு எதை அடிப்பார்? அது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கான கட்டம். நாம் அடிக்க வேண்டியது "ஏசியன்". இன்னொரு பாட்டி, "என்னம்மா, இங்கேயும் சாதி கேக்கிறாங்களா?" என்று பேத்தியின் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், கேள்வியின் வாசனையை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

சரி, கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதற்காக அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்தேன்.

2019 மார்ச்சில் எடுத்த ரத்தப் பரிசோதனை. வயது 52, கிரியாட்டினின் 3.6. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டும், வடிகட்டி பழுதானால் ரத்தத்தில் தேங்கும். அந்த எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று லேப் கணக்கிடும். அதுதான் ரிப்போர்ட்டில் வரும் ஈஜிஎஃப்ஆர். அவருடைய ரிப்போர்ட்டில் அதற்கு இரண்டு வரி இருந்தது. கறுப்பினத்தவர் அல்லாதவர் என்றால் 18. கறுப்பினத்தவர் என்றால் 21.

ஒரே ரத்தம், ஒரே குழாய். அப்போது பரவலாக இருந்த 2009-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வந்த விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். 18.3-ஐப் பெருக்கினால் 21.2. அதற்கு முன் 1999-இல் வந்த சூத்திரத்திலும் இப்படி ஒரு பெருக்கல் இருந்தது. ஆய்வில் கலந்துகொண்ட கறுப்பினத்தவரிடம், அதே கிரியாட்டினின் அளவுக்குச் சிறுநீரக வேலை சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினினும் அதிகம் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்துக்குப் பலமான ஆதாரம் இல்லை. ஒரு கூட்டத்தின் சராசரி, ஒற்றை ஆளின் ரத்தத்தின் மேல் பெருக்கலாக ஏறி உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் சூத்திரம் யாருடைய தசையையும் அளக்கவில்லை. கேட்டதெல்லாம் கறுப்பா, இல்லையா என்பது மட்டும்.

18-க்கும் 21-க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில், டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்க, ஈஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பதில் அந்தக் காத்திருப்புக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைய ரிப்போர்ட்டின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "21. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்." எந்த வரியைப் படிப்பது என்று நான் யோசித்ததாகக்கூட நினைவில்லை. படிவத்தில் இருந்த டிக் எனக்காக யோசித்துவிட்டது.

2020 அக்டோபரில் கிரியாட்டினின் 3.8 ஆன பிறகுதான் அவருடைய வரி 20-ஐத் தொட்டது. அப்போதுதான் மாற்று மையம், அதாவது சிறுநீரக மாற்று அறுவை செய்யும் மருத்துவமனை, அவரைப் பட்டியலில் பதிந்தது. இடையில் போனது 19 மாதம்.

சிறுநீரக மருத்துவர்களின் அமைப்பும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து அமைத்த குழு, 2021 செப்டம்பரில் இனத்தை எடுத்துவிட்ட புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2022 ஜூலையிலிருந்து, மாற்று உறுப்புப் பட்டியலுக்கு இனம் சேர்த்த கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தேசிய விதியே வந்துவிட்டது. 2023 ஜனவரியில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். பழைய பெருக்கலால் தாமதமான கறுப்பின நோயாளிகளைக் கண்டுபிடித்து, காத்திருப்புக் காலத்தைப் பின்தேதியிட்டுத் திருத்த வேண்டும், பட்டியலில் உள்ளவர்களுக்கு இதைத் தெரிவிக்கவும் வேண்டும் என்று எல்லா மாற்று மையங்களுக்கும் உத்தரவு. அந்தத் தகவல் கடிதத்தைப் படித்த பிறகுதான் அவர் எங்களுக்கு எழுதியிருக்கிறார்.

புதிய சூத்திரத்தில் அவருடைய 2019 எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 19 வந்தது. அந்த ரிப்போர்ட்டின் நகலை மாற்று மையத்துக்கு அனுப்பினோம். இப்படிப்பட்ட திருத்தத்துக்கு வேண்டிய ஆதாரம் பெரும்பாலும் எங்களைப் போன்ற சின்ன கிளினிக்கின் பழைய கோப்பில்தான் கிடக்கும்.

புதிய சூத்திரமும் அப்பழுக்கற்றது அல்ல. சராசரியாகப் பார்த்தால் கறுப்பினத்தவருக்கு உண்மையைவிடச் சற்றுக் குறைத்தும், மற்றவர்களுக்குச் சற்றுக் கூட்டியும் காட்டுகிறது. இந்த இரண்டாவது பாதி நமக்கானது. ஒல்லியான உடம்பு, தசை குறைவு, சைவச் சாப்பாடு என்று இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவாக இருக்கும். அதனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்வது போல எண் வரலாம். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை உண்மைக்கு இன்னும் நெருங்கும். அந்தப் பரிசோதனைக்கு இனம் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தக் கட்டமே வேண்டாமா? இதில் என் நிலை கொஞ்சம் வழவழ. முப்பத்தெட்டு வயது, பார்க்க ஒல்லி, பிஎம்ஐ 24 என்று தமிழர் ஒருவர் வந்தால், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நான் கட்டாயம் பார்ப்பேன். அமெரிக்க நீரிழிவுச் சங்கமே ஆசிய வம்சாவளியினருக்கு 25-க்குப் பதில் 23 என்ற எல்லையை வைத்திருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் அந்த நினைவூட்டலைக் காட்டுவது "ஏசியன்" என்ற டிக்கைப் பார்த்துத்தான். மத்திய அரசுக்குப் போகும் தலைக்கணக்கும் வீண் இல்லை. ஒரு வைத்தியம் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் தாமதமாகக் கிடைக்கிறது என்பதை அந்தக் கணக்கு இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் தனி ஆளின் வைத்தியத்துக்கு எனக்கு வேண்டியது அம்மா அப்பா எந்த ஊர், வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்ற பதில். அதை நானே நேரில் கேட்டுக்கொள்ளலாம். "ஏசியன்" என்ற ஒரே டிக்கில் திருநெல்வேலிக்காரரும் ஜப்பான்காரரும் ஒன்றாக நிற்கிறார்கள்.

நீங்கள் இங்கே கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கட்டம் கண்ணில் பட்டால், இதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று ரிசப்ஷனில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். சொல்ல விரும்பவில்லை என்றால் அப்படியே பதியச் சொல்லலாம், அதற்காக வைத்தியம் மறுக்கப்படாது. நிரப்பாமல் விட்டிருந்தால், தோற்றத்தை வைத்தே யாராவது எதையாவது போட்டிருக்கிறார்களா என்று நோயாளிப் போர்ட்டலில் உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்தால், ரிப்போர்ட்டின் மேல் மூலையில் எந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்கள் என்று அச்சாகியிருக்கும். அங்கே இனம் எழுதியிருந்தால் அதையும் கேளுங்கள். 2023-இல் அமெரிக்க நுரையீரல் மருத்துவர்களின் சங்கம் அங்கேயும் இனம் பார்க்காத அளவுகோலுக்கு மாறச் சொல்லிவிட்டது. பழைய கருவிகள் பலவற்றில் இன்னும் மாறவில்லை.

அவருக்கு நான் எழுதிய பதில் ஒன்றரைப் பக்கம். நட்சத்திரம் எங்கிருந்து வந்தது, தலைக்கணக்கு எங்கே போகிறது என்பதை எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு "ஆம், மாற்றியது" என்று எழுதி, 18-ம் 21-ம் இருந்த அந்தப் பக்கத்தை, ஓரத்தில் இருந்த என் கையெழுத்தோடு, நகலெடுத்து வைத்தேன். நிர்வாகத்தில் ஒருவர் அந்தக் குறிப்பை மறைத்துவிட்டு அனுப்பலாமே என்றார். மறைக்கவில்லை.

கோடையில் மாற்று மையத்திலிருந்து அவருக்குத் தகவல் வந்தது. காத்திருப்புத் தொடங்கிய தேதி 2019 மார்ச் என்று மாறியிருந்தது. எங்கள் படிவத்தில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டோம். கட்டத்துக்குக் கீழே, எதற்குக் கேட்கிறோம் என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரிகளை அவரிடம் காட்டித்தான் எழுதினோம். "உதவியாக இருக்கும்" என்று நாங்கள் போட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு, யாருக்கு உதவி என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.